“நான்தான் நல்லா இருக்கேனே, எனக்கு எதுக்கு மாத்திரை?”

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்று தெரிந்தால், கூட வசிக்கும் மற்றவர்களையும் பரிசோதிப்பார்கள். நோய் இல்லை என்று வந்தாலும் விஷயம் அதோடு முடிவதில்லை. உள்ளே புகுந்த கிருமி பல காலம் சும்மா இருந்துவிட்டுப் பின்னால் நோயாக மாறலாம். அதைத் தடுக்க மாத்திரைகள் இருக்கின்றன. ஐசோனியசிட் மாத்திரையைத் தினமும் ஆறு மாதம் சாப்பிடுவது ஒரு முறை. ஐசோனியசிட், ரிபாபென்டின் இரண்டையும் சேர்த்து வாரம் ஒரு நாள் வீதம் மூன்று மாதம், அதாவது 12 வேளை சாப்பிடுவது இன்னொரு முறை.

நம் ஊரில் எந்த முறையை மக்கள் கடைசிவரை சாப்பிட்டு முடிக்கிறார்கள் என்று ஒரு மருத்துவக் கல்லூரி ஆராயப்போவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு முழுமையான ஆய்வுத் திட்டம் ஒன்று எழுதப்படும். புரோட்டோகால் என்று சொல்லப்படும் அந்த ஆவணம் ஐம்பது பக்கம்கூட வரலாம். ஆனால் எத்திக்ஸ் கமிட்டிக்கு அதை மட்டும் அனுப்பினால் போதாது. ஆய்வில் சேரப்போகிறவர் கையில் கொடுக்கும் தகவல் தாளையும், அவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தையும் அவர் படிக்கும் மொழியிலேயே சேர்த்து அனுப்ப வேண்டும். ஐம்பது பக்கம் நான்கைந்து பக்கமாகச் சுருங்கும் இடத்தில்தான் பல ஆய்வுகள் தடுக்கி விழுகின்றன.

புரோட்டோகாலைப் பத்தி பத்தியாகச் சுருக்கி மொழிபெயர்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்படி எழுதிய தாள், உலகில் காசநோயால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று தொடங்கும். ஆய்வின் முதன்மை நோக்கம், துணை நோக்கம் என்று போகும். படிப்பவர் மனதில் இருப்பதோ வேறு கேள்விகள். ‘நான்தான் நல்லா இருக்கேனே, எனக்கு எதுக்கு மாத்திரை? எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு வரணும்? முடியாதுன்னு சொன்னா வீட்டில் இருக்கிறவருக்கு நடக்கும் சிகிச்சை நின்றுபோகுமா?’ தேர்ந்தவர்கள் முதலில் இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்கான பதிலைப் புரோட்டோகாலில் தேடுவார்கள். பதில்கள் பெரும்பாலும் முன்பக்கங்களில் இருக்காது.

மேலே சொன்ன ஆய்வையே எடுத்துக்கொள்ளலாம். ரிபாபென்டின் சாப்பிடும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். புரோட்டோகாலில் இது ‘உடன் எடுக்கும் மருந்துகள்’ என்ற பகுதியில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். தகவல் தாளிலோ அது தனிப் பத்தியாக வர வேண்டும்: “நீங்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், இந்த மருந்து அதன் பலனைக் குறைக்கலாம். ஆய்வு நடக்கும் காலத்தில் வேறு எந்த முறையைக் கையாளலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.” அதேபோல, ‘உடல் திரவங்களில் நிறமாற்றம்’ என்ற குறிப்பை அப்படியே போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. மாத்திரை சாப்பிட்ட அன்று சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது ரத்தம் அல்ல, பயப்பட வேண்டாம் என்று எழுதாவிட்டால், இரண்டாவது வாரம் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

எந்த முறை யாருக்கு என்பதைச் சொல்வது இன்னும் கடினம். இந்த மாதிரி ஆய்வுகளில் டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை. கணினி குலுக்கல் முறையில் பிரிக்கிறது. அமெரிக்க உளநல மருத்துவர் பால் ஆப்பல்பாமும் அவருடைய சகாக்களும் 1982-இல் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார்கள். ஆய்வில் சேருகிறவர்கள், தங்களுக்கு எது நல்லதோ அதைத்தான் டாக்டர் தருகிறார் என்று நம்பிவிடுகிறார்கள். எனவே ‘சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்’ என்று எழுதுவதால் பயனில்லை. “இரண்டில் எது உங்களுக்கு என்பதை டாக்டரும் முடிவு செய்ய மாட்டார், நீங்களும் தேர்வு செய்ய முடியாது. கணினி குலுக்கிப் போடும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவருக்கு வாரமுறை கிடைக்க வாய்ப்பு உண்டு” என்று எழுதினால் படிப்பவர் ஒரு நிமிடம் யோசிப்பார். இரு பிரிவுக்கும் உள்ள வாய்ப்பைத் தாளில் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளிலும் இருக்கிறது.

அடுத்தது ஆபத்து. 2011-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, வாரமுறையை ஒன்பது மாத ஐசோனியசிட்டோடு ஒப்பிட்டது. மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் வாரமுறையில் 0.4 சதவீதம், தினமுறையில் 2.7 சதவீதம். தாளில் இதை ஆயிரம் பேரில் 4 பேர், 27 பேர் என்று எழுத வேண்டும். ‘ஆபத்து ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது’ என்று எழுதக் கூடாது. அது உண்மையாக இருந்தாலும் விளம்பரம்போல் ஒலிக்கும். அதோடு நிறுத்தினாலும் பாதிதான் சொன்னதாகும். காய்ச்சல், தலைசுற்றல், உடல்வலி போன்ற ஒவ்வாமை இருக்கலாம் என்று கருதப்பட்டவர்கள் அதே ஆய்வில் வாரமுறையில் ஆயிரத்துக்கு 38 பேர், தினமுறையில் 5 பேர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் படிப்பவரால் எடைபோட முடியும். தங்கள் ஆய்வில் தினமுறை ஆறு மாதம்தான் என்பதால் இந்த எண்கள் கொஞ்சம் மாறலாம் என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் அளவும் அப்படித்தான். மூன்று முறை 5 மில்லி என்பதை, மொத்தம் மூன்று டீஸ்பூன் என்று எழுதினால் ‘பாட்டில் கணக்கில் உறிஞ்சுவார்கள்’ என்ற பயம் போய்விடும். மிச்சமாகும் ரத்தத்தை வேறு ஆய்வுக்காகச் சேமிப்பதாக இருந்தால், அதற்குத் தனியாக ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’ என்று இரண்டு கட்டங்கள் வைப்பது முறை. மருந்தால் உடலுக்குக் கெடுதல் வந்தால் செலவில்லாமல் சிகிச்சை கிடைக்கும் என்பதையும், இழப்பீடு பற்றியும், யாரைக் கூப்பிடுவது என்பதையும் எழுத வேண்டும். ஆய்வு டாக்டரின் எண்ணோடு எத்திக்ஸ் கமிட்டியின் எண்ணும் இருக்க வேண்டும். டாக்டர்மீதே குறை இருந்தால் அவரிடமே சொல்ல முடியாது அல்லவா?

மருத்துவச் சோதனைகளைப் பரிசீலிக்கும் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மருத்துவமோ அறிவியலோ சாராத பொதுமனிதர். தாளின் தமிழ்ப் பிரதியை அவர் படித்துவிட்டுக் கேட்கும் கேள்விகள்தான் பல நேரம் தாளைத் திருப்பி அனுப்ப வைக்கின்றன. தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் உண்டு. அதில் பொருள் மாறியிருந்தால் தெரிந்துவிடும். புரியாத தமிழாக இருந்தால் தெரியாது. ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் பொருந்தும் தமிழ் அந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும்.

புரிகிறதா என்று பார்க்க நேரான வழி ஒன்று இருக்கிறது. ஆய்வில் சேரப்போகிறவர்களைப் போன்ற நான்கைந்து பேரிடம் தாளைக் கொடுத்து, ‘புரிந்ததா’ என்று கேட்காமல், ‘உங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்பது. ‘டாக்டர் எனக்குச் சரிப்பட்டு வரும் மாத்திரையைத் தருவார்’ என்று இரண்டு பேர் சொல்லிவிட்டால் குலுக்கல் பத்தியை மறுபடி எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியை முழு நேரமும் உடன் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். கேட்கும்போதே பிடிபடாத நீள வாக்கியம் எது என்பது அங்கேயும் வெளிப்படும்.

கமிட்டி ஒப்புதல் தந்த பிரதியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். ஆய்வு நடக்கும்போது புதிய பக்கவிளைவு தெரியவந்தால் தாளைத் திருத்தி, மறுபடி ஒப்புதல் வாங்கி, ஏற்கெனவே சேர்ந்தவர்களிடமும் திரும்பச் சம்மதம் கேட்க வேண்டும். மேசையில் மிஞ்சிக் கிடக்கும் பழைய பதிப்பில் தெரியாமல் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், அது விதிமீறலாகப் பதிவாகி, கமிட்டிக்குத் தெரிவிக்கப்படும்.