காற்புள்ளி போனால் கணக்கும் போச்சு

ஜெர்மனியில் இயந்திரவியல் படிக்கப் போன மாணவர், வகுப்புத் திரையை செல்போனில் படம் பிடித்து வருகிறார். படத்தில் ‘ஷ்பன்னுங்’ என்றொரு தலைப்பு; அதன் கீழே σ = F/A. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ‘மின்னழுத்தம்’ என்று வந்து நிற்கலாம். அகராதிப்படி தப்பில்லை. மின்னழுத்தத்துக்கும், பாரம் தாங்கும் கம்பிக்குள் எழும் தகைவுக்கும் ஜெர்மனில் அந்த ஒரே சொல்தான். எது என்று காட்டிக்கொடுப்பது சூத்திரம். விசையைப் பரப்பால் வகுத்தால் அது தகைவு. U = R · I என்று இருந்தால் மின்னழுத்தம். நாம் V என்று எழுதுவதை அங்கே U என்கிறார்கள். அதை V ஆக்கிவிடக் கூடாது. தேர்வுத் தாளிலும் U தான் வரும்.

அதனால் சூத்திரங்களை மொழிபெயர்ப்புக்கே அனுப்பக் கூடாது. படத்திலிருந்து அவற்றை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் [1], [2] என்று குறியிட்டு, வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்க்கலாம். தமிழில் வினைச்சொல் கடைசிக்குப் போவதால் குறியின் இடம் மாறும். எண் மாறக் கூடாது. பிறகு அதே படத்துண்டை அங்கே ஒட்டினால் போதும்.

அடுத்த வரி: F = 12,5 kN, A = 250 mm². அங்கே காற்புள்ளிதான் தசமப்புள்ளி. எழுத்துணரும் மென்பொருள் அதை விழுங்கிவிட்டால் 125 kN ஆகிவிடும். திரையில் உள்ள விடை 50 N/mm². 12500-ஐ 250-ஆல் வகுத்தால் 50 வருகிறது. விழுங்கிய எண்ணைப் போட்டால் 500. விடை இல்லாத பக்கமென்றால், மூலப் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எண்ணாகப் பார்க்க வேண்டியதுதான்.