போட்டோவிலிருந்து ஸ்வாட் வரை

எம்.பி.ஏ. வகுப்பில் டாடா நானோ பற்றிய கேஸ் ஸ்டடியைப் போட்டோ எடுத்து வந்திருக்கிறீர்கள். முதலில் எண்களைச் சரிபாருங்கள். போட்டோவை எழுத்தாக மாற்றும்போது காற்புள்ளி புள்ளியாகும், பூஜ்யம் விழுந்துவிடும். சனந்த் ஆலையின் தொடக்க ஆண்டுத் திறன் 2,50,000 கார்கள். அது 25,000 என்று பதிவானால் முடிவே தலைகீழாகிவிடும்.

அடுத்தது பிரச்சினை வாக்கியம். 'நானோ விற்கவில்லை' என்பது வெறும் அறிகுறி. யார், எதை முடிவு செய்ய வேண்டும் என்பதே பிரச்சினை: 'மலிவான கார் என்ற பெயரால் வாங்குவோர் தயங்கும் நிலையில், டாடா மோட்டார்ஸ் நானோவை யாருக்கு, எப்படி விற்பது?'

முக்கியத் தகவல்களில் இந்தக் கேள்விக்கு உதவுபவை மட்டும் போதும்: 2008இல் அறிமுகம், ஒரு லட்சம் ரூபாய் அடிப்படை விலை, சிங்கூர் நிலப் போராட்டம், குஜராத்தின் சனந்துக்கு மாற்றம், சில கார்களில் தீ.

பிறகு அட்டவணை. நிறுவனத்தின் கைக்குள் இருப்பவை மேல்வரிசை, வெளியிலிருந்து வருபவை கீழ்வரிசை.

| பலம் | பலவீனம் |
|---|---|
| குறைந்த விலை, டாடா பெயர் | 'மலிவு' முத்திரை, தாமதமான உற்பத்தி |

| வாய்ப்பு | அச்சுறுத்தல் |
|---|---|
| இருசக்கர வாகனக் குடும்பங்கள் | பழைய கார் சந்தை, நிலப் போராட்டம் |

'விற்பனைச் சரிவு' எந்தக் கட்டத்திலும் வராது. அது விளைவு, காரணங்களுக்கே அங்கே இடம். ஒவ்வொரு வரிக்கும் கேஸில் ஆதாரப் பக்கம் காட்ட முடியாவிட்டால் அதை அடித்துவிடுங்கள்.