மணி அடித்த பின் எந்தப் பக்கம் போவது? தோட்டப் பாடசாலை ஒன்றின் ஒத்திகை

வன்னியில் நாங்கள் படித்த காலத்தில் ஒத்திகை என்றால் பதுங்குகுழிதான். சத்தம் கேட்டவுடன் அருகிலுள்ள குழிக்குள் இறங்கிவிட வேண்டும். பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அண்மையில் தீ ஒத்திகையைப் பார்த்தபோது, இங்கே பாடம் நேர்மாறானது என்று புரிந்தது. கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறியவர்களை எண்ண வேண்டும்.

அதிபர் சொன்னதும் கைமணி விடாமல் அடிக்கப்பட்டது. மின்சாரம் போனாலும் கைமணி ஒலிக்கும். பாடவேளை மணியோடு குழம்பவும் செய்யாது. புத்தகப்பைகளை விட்டுவிட்டு, வகுப்புத் தலைவர் முன்னே நடக்க மாணவர்கள் வரிசையாக வெளியேறினார்கள். வகுப்பாசிரியர் இடாப்புடன் கடைசியாக வந்து கதவைச் சாத்தினார். சாத்திய கதவு புகையைத் தாமதப்படுத்தும். ஆனால் பூட்டக்கூடாது, உள்ளே யாராவது இருக்கலாம். நடக்கச் சிரமப்படும் ஒரு பிள்ளைக்குத் துணையாக ஓர் ஆசிரியர் முன்கூட்டியே நியமிக்கப்பட்டிருந்தார். இன்னொருவர் வாகனங்களுக்கு வழிகாட்ட வாயிலில் நின்றார்.

மைதானத்தில்தான் பிழை தெரிந்தது. ஆறாம் வகுப்பில் அன்று வந்தவர்கள் 27 பேர். நின்றவர்கள் 25 பேர். மற்ற இருவரும் மலசலகூடத்தில் இருந்தார்கள். மலசலகூடம், நூலகம், சமையலறை ஆகியவற்றைப் பார்த்துவர யாரும் பொறுப்பாக இருக்கவில்லை. அடுத்த ஒத்திகைக்கு அந்த வேலை இரண்டு ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எண்ணும்போது இடாப்பிலுள்ள மொத்தப் பெயர்களோடு அல்ல, அன்றைய வரவோடுதான் ஒப்பிட வேண்டும். இடையில் வீட்டுக்குப் போன பிள்ளையைக் குறித்து வைக்காவிட்டால், இல்லாத ஒருவரைத் தேடி யாராவது தீக்குள் போக நேரும்.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. அந்த மைதானம் மலைச்சரிவின் அடியில் இருந்தது. தீக்கு அது பொருத்தமான இடம். மண்சரிவுக்கு அதுவே பொறி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டபோது, அதற்குள் பாடசாலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் தப்பினார்கள். பாடசாலையே சரிவின் பாதையில் இருந்தால் அந்தத் தப்பித்தலும் கிடைக்காது.

ஆகவே இரண்டு ஒன்றுகூடும் இடங்கள் வேண்டும். மண்சரிவுக்கான இடம் ஓடையையும் சரிவின் பாதையையும் விட்டுப் பக்கவாட்டில் விலகியிருக்க வேண்டும். மணியும் வேறாக இருக்க வேண்டும்: தீக்கு விடாத மணி, மண்சரிவுக்கு விட்டுவிட்டு அடிக்கும் மணி.

மண்சரிவில் மணிக்காகக் காத்திருப்பதே தாமதம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலின்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனச் சேறாகும் ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழைமானியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வெளியேறிய பிள்ளைகளைத் தனியே லயனுக்கு அனுப்பவும் கூடாது. அந்த லயனும் அதே மலையின் கீழ் இருக்கலாம். பெற்றோர் வந்து கையொப்பமிட்ட பிறகே ஒப்படைக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவிப்பவர் யார் என்பதும் அந்தப் பொறுப்புப் பட்டியலில் இருக்க வேண்டும்.