பார்த்த நாள் மட்டும் போதாது

வன்முறை நிறைந்த வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அது செல்லாது என்று 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ தனியே எழுதிய கருத்தின் அடிக்குறிப்பு ஒன்றில் `ssnat.com` என்ற இணைய முகவரி சான்றாக இருக்கிறது. பிற்பாடு அந்த முகவரி கைமாறியது. வாங்கியவர் குறும்புக்காரர். தேடி வந்தவர்களுக்கு அவர் அங்கே ஒரு செய்தி எழுதிவைத்தார். இந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டாமல் இருந்ததற்கு நீங்கள் மகிழ்ச்சியடைய வேண்டும், காட்டியிருந்தால் நீதிபதி அலிட்டோவின் கதிதான் உங்களுக்கும் என்பது அதன் சாரம்.

இது ஒரு நீதிபதியின் கெட்ட நேரம் மட்டுமல்ல. ஜோனதன் ஸிட்ரெய்ன், கேந்திரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெசிக் ஆகியோர் அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் இருந்த இணைய முகவரிகளை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய பாதி முகவரிகளில், சான்றாகக் காட்டிய விஷயம் இல்லை.

நம் ஊர்க் கட்டுரைகளில் இதற்கு ஒரு மருந்து உண்டு. முகவரிக்குப் பக்கத்தில் ‘பார்த்த நாள்: 16 மார்ச் 2024’ என்று போடுவது. அன்றைக்கு நான் பார்த்தேன் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. படிப்பவர் என் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும். ஏ.பி.ஏ. மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பும் பார்த்த நாளை எல்லா இடத்திலும் கேட்பதில்லை. அடிக்கடி மாறுவதற்கென்றே அமைந்த பக்கமாக இருந்து, அதற்குச் சேமித்த பிரதியும் இல்லை என்றால்தான் அந்த நாள் தேவை. பிரதி இருந்தால் அதன் முகவரியே போதும்.

அந்தப் பிரதியை நாமே எடுக்கலாம். `web.archive.org/save` என்ற முகவரிக்குப் போய், பெட்டியில் பக்கத்தின் முகவரியை ஒட்டி, சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் புதிய முகவரி ஒன்று கிடைக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷின்தான் இது. முகவரி இப்படி இருக்கும்:

```
https://web.archive.org/web/20240315203000/https://example.org/
```

நடுவில் உள்ள 14 இலக்கங்களில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்டு 2024, மாதம் 03, நாள் 15, மணி 20, நிமிடம் 30, நொடி 00. ஆனால் இது கிரீன்விச் நேரக் கணக்கு. நமக்கும் இலங்கைக்கும் அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அப்போது மணி அதிகாலை 2 ஆகிவிடுகிறது, தேதியும் மார்ச் 16 ஆகிவிடுகிறது. நள்ளிரவு தாண்டி உட்கார்ந்து எழுதுகிறவர்கள் பார்த்த நாள் 16 என்று போட்டு, இணைப்பில் 15 இருப்பதைக் கண்டு குழம்புவது இதனால்தான். ‘உலகப் பொது நேரப்படி’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் சந்தேகம் வராது.

பழைய பிரதியைத் தேடி எடுக்கும்போது இன்னொரு சிக்கல். நீங்கள் 1 ஜனவரி என்று கேட்டு, அன்றைய பிரதி இல்லாவிட்டால், வேபேக் அதற்கு மிக அருகிலுள்ள தேதிக்குச் சத்தமில்லாமல் உங்களைக் கொண்டுபோய்விடும். ஆகவே தட்டிய முகவரியை அல்ல, பக்கம் திறந்த பிறகு மேலே தெரியும் முகவரியைத்தான் நகலெடுக்க வேண்டும்.

திறந்த பக்கத்தையும் அப்படியே நம்ப முடியாது. அதிலுள்ள எழுத்து ஒரு நாள் எடுத்ததாக இருக்கலாம், படம் பல மாதம் கழித்து எடுத்ததாக இருக்கலாம். இரண்டையும் வேபேக் ஒன்றாக ஒட்டிக் காட்டும். மேலே உள்ள பட்டையில் ‘About this capture’ என்பதை அழுத்தினால், ஒவ்வொரு பாகமும் எவ்வளவு முன்னே பின்னே எடுத்தது என்று பட்டியல் வரும். விளக்கப்படத்தையோ விலைப்பட்டியல் படத்தையோ சான்றாகக் காட்டுகிறவர் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

விக்கிப்பீடியா தன் பழைய பதிப்புகளைத் தானே வைத்திருக்கிறது. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் ஒரு தேதியை அழுத்தினால் `oldid=` என்று ஓர் எண்ணோடு முகவரி வரும். அதைக் கொடுத்தால் நீங்கள் படித்த வரிகளே வாசகருக்கும் கிடைக்கும். பக்கத்தில் பதிந்திருக்கும் வார்ப்புருக்களும் படங்களும் மட்டும் இன்றைய நிலையில்தான் தெரியும். பழைய பதிப்பின் தகவல் பெட்டியில் புதிய எண் எட்டிப்பார்ப்பது இப்படித்தான்.

உள்நுழைந்து பார்க்கும் பக்கங்களை வேபேக்கால் எடுக்க முடியாது. தள உரிமையாளர் கேட்டுக்கொண்டால் எடுத்ததையும் அது மறைத்துவிடக்கூடும். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் சேவையே சில நாட்கள் முடங்கிக் கிடந்தது. நான் இணைப்போடு ஒரு பி.டி.எஃப். கோப்பையும் என் கணினியில் வைத்துக்கொள்கிறேன், கோப்பின் பெயரிலேயே அந்த 14 இலக்கங்களைப் போட்டு.