12 பக்கம், 32 மணி நேரம்



வெள்ளி மாலை 5 மணிக்கு அறிக்கையைக் கொடுக்க வேண்டும். 12 பக்கத்தை ஆளுக்கு 3 என்று பிரித்தால் சமம் போலத் தெரியும்; ஆனால் அது சமம் இல்லை. என் கணக்கில் மொத்த வேலை 32 மணி நேரம். அதில் எண்களை எடுத்து விலைவாசிக்கு ஏற்பத் திருத்த மட்டுமே 14 போய்விடும். எழுத 8, சரிபார்க்க 6, வரைபடத்துக்கு 4.

எண்களுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்பீர்கள். நம் தலைப்பு தேசிய மாதிரி ஆய்வின் குடும்ப நுகர்வுச் செலவு. கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு 2011-12ல் 1,430 ரூபாய், 2022-23ல் 3,773. அப்படியே எழுதினால் 164 சதவீத உயர்வு. 2011-12 விலையில் பார்த்தால் அந்த 3,773 வெறும் 2,008தான், அதாவது 40 சதவீத உயர்வு. இதில் எது நம் தலைப்புவரி என்பதை எழுதுபவர் முடிவு செய்யக் கூடாது, எண்களை வைத்திருப்பவர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழுக்கல்: அதே 2022-23 அறிக்கையில் 3,860 என்றும் ஓர் எண் இருக்கிறது. இலவசமாகக் கிடைத்த பொருட்களுக்கும் மதிப்புப் போட்ட கணக்கு அது. ஒருவர் 3,773ஐயும் இன்னொருவர் 3,860ஐயும் எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் 87 ரூபாய் உதைக்கும். நாம் 3,773ஐ மட்டும் வைத்துக்கொள்வோம்.

ஆகவே இருவர் எண்களுக்கு. ஒருவர் கிராமம், ஒருவர் நகரம், ஆளுக்கு 7 மணி நேரம். பிறகு மாற்றிக்கொண்டு தலா 1 மணி நேரம் சரிபார்க்க வேண்டும். சோதனை எளிது. 3,773ஐ 2,008ஆல் வகுத்தால் 1.88 வர வேண்டும். நகரத்தில் 2022-23 செலவான 6,459ஐ 2011-12 விலையிலான 3,510ஆல் வகுத்தால் 1.84. கிராம எண்ணை யாராவது 1.84ஆல் வகுத்துவிட்டால் 2,051 வரும், உயர்வு 43 சதவீதமாகிவிடும். பார்க்கச் சரியாகவே தெரியும் என்பதுதான் தொல்லை.

மூன்றாமவருக்கு வரைபடம் 4, கடைசிச் சரிபார்ப்பு 4. நான்காமவர் எழுதுகிறார். அவர் ஒரு பத்தியை மறக்கக் கூடாது: 2011-12ல் 347 பொருட்களைப் பற்றிக் கேட்டார்கள், 2022-23ல் 405. ஒரே தடவையில் முடிந்த கேள்விகளை இப்போது மூன்று தடவை போய்க் கேட்டிருக்கிறார்கள். உயர்வில் எவ்வளவு உண்மையான செலவு, எவ்வளவு விரிவாகக் கேட்டதன் விளைவு என்று நம்மால் பிரிக்க முடியாது. அதை அப்படியே சொல்லிவிடுவோம்.

செவ்வாய் இரவோடு எண்கள் பூட்டு. வியாழன் இரவுக்குள் எழுத்து, வெள்ளி நண்பகல் வரை சரிபார்ப்பு. எழுதுபவருக்கு எந்த எண்ணும் வாட்ஸ்அப்பில் போக வேண்டாம், எல்லாம் பொதுவான எக்செல் கோப்பில், அட்டவணை எண்ணோடு.

யாருக்கு எந்தப் பங்கு என்று இன்றிரவு 9 மணிக்குள் பதில் போடுங்கள். மிச்சமிருப்பதை நான் எடுத்துக்கொள்கிறேன்.