ஆவியாகிப் படியும் வண்ணம்

டப்பாவில் போட்டு வைத்த கற்பூரம் சில வாரங்களில் சிறுத்துப் போகும். உருகிய தடமே இருக்காது. திடப்பொருள் நேராக ஆவியாவதைப் பதங்கமாதல் என்பார்கள். காபி மக்கில் குழந்தையின் படத்தைப் பதிக்கும் சப்ளிமேஷன் அச்சும் இதே முறைதான்.

சாயம் முதலில் காகிதத்தில் தங்குகிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தும்போது ஆவியாகி, பாலியஸ்டர் இழைக்குள் புகுந்துகொள்கிறது. பருத்தியில் அதற்குப் பிடிப்பில்லை. காட்டன் பனியனில் போட்ட படம் சலவையில் வெளுத்துவிடும். மக்கிலும் பாலிமர் பூச்சு இருக்க வேண்டும், பாத்திரக் கடைப் பீங்கான் கோப்பை உதவாது. இந்த இங்க்கில் வெள்ளை நிறம் கிடையாது என்பதால் துணி வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ இருந்தால்தான் படம் எடுபடும்.

பிரிண்டர் வாங்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். சில பிரிண்டர்கள் இங்க்கைச் சூடாக்கித் தெளிக்கும். அவை இதற்கு ஒத்துவராது. எப்சன் டேங்க் பிரிண்டர்களில் பீசோ தலை அதிர்ந்து சூடில்லாமல் தெளிப்பதால், வீட்டில் தொடங்குவோர் பெரும்பாலும் அவற்றையே எடுக்கிறார்கள். புதுப் பிரிண்டரில் முதன்முதலாக ஊற்றுவதே சப்ளிமேஷன் இங்க்காக இருக்கட்டும். சாதாரண இங்க் ஒருமுறை போய்விட்டால் குழாய்களில் தங்கி நிறத்தைக் கெடுக்கும். பிரிண்டர் நிறுவனத்தின் வாரண்டி இப்படி மாற்றினால் செல்லாமல் போகலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒரு வெள்ளைப் பாலியஸ்டர் டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். இங்க் விற்றவர் தரும் ஐசிசி கோப்பைக் கணினியில் நிறுவி, அச்சு அமைப்பில் Mirror Image என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் பெயர் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் விழும். காகிதத்தின் பூச்சுப் பக்கத்தில் அச்சாகும் படம் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துப் பதறி நிறத்தைக் கூட்ட வேண்டாம். சூடுபட்டால்தான் அசல் நிறம் வெளிவரும்.

ஹீட் பிரஸ்ஸில் சட்டையை மட்டும் ஐந்து வினாடி அழுத்தினால் ஈரம் போய்விடும். பிறகு காகிதத்தை வெப்ப டேப்பால் ஒட்டி, மேலே பூச்சில்லாத வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து, 200 டிகிரியில் 50 வினாடி அழுத்தலாம். மக்குக்குச் சூடு சற்றுக் குறைவு, நேரம் அதிகம்: 180 டிகிரியில் மூன்று நிமிடம் வரை. மக் பிரஸ்ஸுக்குப் பிரஸ் வித்தியாசப்படும், ஆகவே முதல் மக்கைச் சோதனைக்கென ஒதுக்குவது நல்லது.

தவறு எங்கே என்பதைப் படமே காட்டிக்கொடுக்கும். வெளிறியிருந்தால் சூடோ நேரமோ அழுத்தமோ போதவில்லை. கறுப்பு பழுப்பாகத் திரும்பியிருந்தால் அதிகம் வெந்துவிட்டது. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்திருந்தால், சாயம் இன்னும் ஆவியாக இருக்கும்போதே காகிதம் நகர்ந்திருக்கிறது. திட்டுத்திட்டாக இருந்தால் காகிதத்தில் ஈரம் ஏறியிருக்கும். மழைக்காலத்தில் காகிதக் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி வைப்பவர்களுக்கு இந்தக் கடைசித் தொல்லை குறைகிறது.