கோவலனுக்காக ஐந்து நிமிடம்

பள்ளியில் மாதிரி நீதிமன்றம் நடத்த நினைக்கும் தமிழாசிரியருக்கு ஒரு வழக்கு தயாராகவே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவன் கோவலன். குற்றம், பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடியது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் எடுத்து, பொற்கொல்லன், காவலர், வாயிற்காவலன், கண்ணகி, மன்னன் என்று ஆளுக்கொரு வாக்குமூலமாகப் பிரித்து எழுதினால் வழக்குக் கோப்பு முடிந்தது. காப்பியத்தில் விசாரணை தொடங்கும் முன்பே கோவலன் வெட்டுப்பட்டு விழுகிறான். வகுப்பறையில் அவனுக்கு அந்த விசாரணை கிடைக்கிறது.

சாட்சி விசாரணையெல்லாம் முடிந்தபின் அரசுத் தரப்பு தன் வாதத்தைத் தொகுத்துச் சொல்லும். எதிர்த்தரப்பு அதற்குப் பதில் சொல்லும். நம் செஷன்ஸ் நீதிமன்றங்களிலும் வழக்கம் இதுதான். கோவலனுக்காக நிற்கும் மாணவிக்கு ஐந்து நிமிடம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குச் சிக்கல், கதை எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான். எழுந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் பேசுவது இப்படி இருக்கும்: “பொற்கொல்லன்தான் உண்மையான திருடன்! நீதி தவறிய மன்னன் கள்வன்! கண்ணகியின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?” கைதட்டல் நிச்சயம். ஆனால் நீதிபதி இருக்கையில் நல்ல வழக்கறிஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் வரியிலேயே நிறுத்திவிடுவார்: “பொற்கொல்லன் திருடினான் என்று எந்தச் சாட்சி சொன்னார்?”

யாரும் சொல்லவில்லை. இளங்கோவடிகள் நம்மிடம் சொல்கிறார், அவ்வளவுதான். காப்பியத்தில் வரும் எந்த மனிதரும் அந்தத் திருட்டைக் கண்ணால் கண்டதாகக் கூறவில்லை. கவிஞரைக் கூண்டில் ஏற்ற முடியாது. இறுதி வாதத்துக்கு இதுதான் முதல் எல்லை: கூண்டில் வெளிவந்தது, நீதிமன்றத்தில் சான்றுப் பொருளாக வைக்கப்பட்டது, இரண்டிலிருந்தும் நியாயமாகப் பெறக்கூடிய அனுமானம். இவற்றைத் தாண்டி ஒரு சொல்லும் பேசக் கூடாது.

இதே கண்ணோடு பார்த்தால் இன்னொரு இனிப்பான சான்றையும் விட்டுவிட வேண்டியிருக்கும். கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். முகத்தைப் பார்த்துச் சொன்ன அபிப்பிராயம் அது. உண்மைச் சான்று ஆகாது. அதைப் பிடித்துக்கொண்டால், கள்வர்கள் மந்திரம், மருந்து, தந்திரம் என்று எட்டு வழிகளை நம்பித் தொழில் செய்வார்கள் என்று பொற்கொல்லன் அடுக்கியதையும் அரசுத் தரப்பு சான்றாக நீட்டும். கள்வர்களைப் பற்றிய பொதுப்பேச்சு அது. கோவலன் என்ன செய்தான் என்று அதில் ஒன்றுமே இல்லை. இரண்டையும் சேர்த்தே ஒதுக்கச் சொல்வதுதான் எதிர்த்தரப்புக்கு லாபம்.

இனி, அரசுத் தரப்பின் வலுவான இடத்தை நேராகச் சந்திக்க வேண்டும். சிலம்பு கோவலன் கையில் இருந்தது. திருட்டுப் போன சில நாளில் திருட்டுப் பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் கணக்குச் சொல்லாவிட்டால், அவரே திருடினார், அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விளக்கம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் தொடர்கிறது. அரசுத் தரப்பு மாணவன் இதைத்தான் பிடித்து நிற்பான், நிற்கவும் வேண்டும்.

மாணவியின் பதில் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. கையில் இருந்தது அந்தத் திருட்டுப் பொருளே என்று முதலில் நிரூபித்தாக வேண்டும். அதன்பின்தான் ஊகத்துக்கு வேலை. அவள் இப்படிச் சொல்லலாம்:

“கனம் கோர்ட்டார் அவர்களே, இந்த வழக்கில் ஒரே ஒரு கேள்விதான். கோவலன் கையில் இருந்தது அரசியின் சிலம்பா? சிலம்பை உடைக்கும் முன்பே, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி சொன்னார். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னரே சொன்னார். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை, மன்னர் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னும் வைத்தார்கள். அது உடைந்தபோது தெறித்தது மாணிக்கம்.”

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. பரல் என்ன என்று இருவரும் சொல்லியாகிவிட்டது, அதன்பிறகுதான் சிலம்பு உடைந்தது. வரிசை மாறியிருந்தால், பார்த்துவிட்டுச் சொன்னார் என்ற சந்தேகம் கண்ணகி மேல் விழுந்திருக்கும். கண்ணகி கோவலனின் மனைவி, அவர் பேச்சை எப்படி நம்புவது என்று கேட்டால், அதற்கும் விடை உண்டு. நம்ப வேண்டியது அவரை இல்லை, மன்னரை. முத்து என்று சொன்னவர் குற்றம் சாட்டிய தரப்பின் தலைவர். தன் தரப்புக்கே பாதகமாக அவர் சொன்ன சொல் அது.

பொற்கொல்லனின் சாட்சியத்தையும் தூக்கி எறிய வேண்டாம், திருப்பிப் பயன்படுத்தலாம். தெருவில், நூறு பொற்கொல்லர் பின்தொடர வந்தவனிடம் கோவலன் தானாகப் போய்ச் சிலம்பைக் காட்டி விலை கேட்டான். நான் வரும்வரை இங்கேயே இரு என்றதும் அங்கேயே காத்திருந்தான். அரண்மனைக்கு வேலை செய்கிறவனிடம் அரண்மனைப் பொருளைக் காட்டிவிட்டுக் காத்திருக்கும் திருடன் உண்டா? இந்த அனுமானத்துக்கு அடிப்படை எதிரியின் சாட்சியமே என்பதால் மறுப்பது கடினம்.

ஒரு வழுக்கும் இடம் இருக்கிறது. கண்ணகி கையில் ஒற்றைச் சிலம்போடு நின்றதாக வாயிற்காவலன் சொல்கிறான். அதுவரை சொல்லலாம். “அதிலும் மாணிக்கம்தான் இருந்தது” என்று ஆர்வத்தில் சேர்த்துவிட்டால் போயிற்று. அந்தச் சிலம்பை அவையில் யாரும் திறந்து பார்க்கவில்லை. இல்லாத ஒரு சான்றைச் சொல்லி மாட்டிக்கொண்டால், இருக்கும் சான்றையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவார்.

நம் பிள்ளைகளுக்கு நீதிமன்றம் என்றதும் நினைவுக்கு வருவது 1952-இல் வந்த ‘பராசக்தி’தான். குணசேகரன் போலக் குரலை ஏற்றி இறக்கத் தோன்றும். ஆனால் அங்கே பேசுகிறவன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன். ஏன் செய்தேன் என்று தன் வாழ்க்கையைச் சொல்கிறான். வழக்கறிஞருக்கு அந்த வேலை இல்லை. ஒத்திகையின்போது ஒரு மாணவர் வழக்குக் கோப்போடு எதிரே உட்காரட்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “எந்தச் சாட்சி?” என்று அவர் கேட்கட்டும். பதில் வராத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். ஐந்து நிமிடப் பேச்சு மூன்றரை நிமிடமாகச் சுருங்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

கடைசியில் கேட்பது ஒன்றாக இருக்க வேண்டும். கோவலனை விடுவியுங்கள், பொற்கொல்லனைத் தண்டியுங்கள், மன்னனைக் கண்டியுங்கள், கண்ணகிக்கு இழப்பீடு கொடுங்கள் என்று நான்கு கோரினால், இந்த நீதிமன்றத்தால் தர முடியாத மூன்றில் முக்கியமான ஒன்று மூழ்கிவிடும். குற்றச்சாட்டு கோவலன் மீது மட்டும்தான் இருக்கிறது. ஆகவே: “முத்துப் பரல் கொண்ட சிலம்பு கோவலனிடம் இருந்ததாக ஒரு சான்றும் இல்லை. திருட்டுக் குற்றச்சாட்டிலிருந்து கோவலனை விடுதலை செய்யுமாறு வேண்டுகிறேன்.” இதைச் சொன்னதும் உட்கார்ந்துவிட வேண்டும்.

பொற்கொல்லனைச் சும்மா விடுவதா என்று வகுப்பு கொந்தளிக்கும். அடுத்த வாரம் அவன் மீது தனி வழக்குப் போடுங்கள். அதில் அரசுத் தரப்புக்கு நிற்கப்போகிறவர்தான் உண்மையில் திண்டாடுவார். அரசியின் சிலம்பு அவன் கையில் இருந்ததைப் பார்த்த சாட்சி ஒருவர்கூடக் கோப்பில் இல்லை.